சியா விதையா, இசப்கோல் உமியா: வயிற்றுக்குள் போகும் பசையின் கணக்கு

சியா விதையும் இசப்கோல் உமியும் தண்ணீரில் ஊறி வழவழப்பான கூழாவதைப் பார்ப்பவர்கள், ஒன்று இல்லாவிட்டால் மற்றொன்றைச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று எளிதாக முடிவு செய்துவிடுகிறார்கள். ஊறுவதற்கான காரணம் இரண்டிலும் ஒன்றுதான். விதையின் வெளிப்புறச் செல்களில் நீரை ஈர்க்கும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் உலர்ந்து நெருக்கமாக அடைபட்டிருக்கின்றன. தண்ணீர் பட்டதும் அவை விரிந்து, ஒன்றோடொன்று பின்னி, நடுவே நீரைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. ஆனால் அந்தப் பசை எவ்வளவு இருக்கிறது, எதனோடு ஒட்டியிருக்கிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

சியாவில் பசை முழு விதையின் மேலுறையில் மட்டுமே உள்ளது. நனைந்த சில நிமிடங்களில் மேலுறைச் செல்கள் வெடித்து, மெல்லிய இழைகளாகப் பசை வெளியே நீண்டு, ஒவ்வொரு விதையைச் சுற்றியும் கண்ணாடி போன்ற ஓர் உறையாக நிற்கிறது. விதையை விட்டு அது எளிதில் கழன்று வராது. விதை தன் எடையைப் போலச் சுமார் 10 மடங்கு நீரைப் பிடித்தாலும், அதன் எடையில் பசையின் பங்கு ஏறத்தாழ 5 முதல் 6 சதவீதம்தான். சியாவின் நார்ச்சத்து 100 கிராமுக்குச் சுமார் 34 கிராம் என்று சொல்வது சரியே, ஆனால் அதில் பெரும்பகுதி நீரில் கரையாத நார். இசப்கோலிலோ விதையை நீக்கிவிட்டு, பசை நிறைந்த மேலுறையை மட்டுமே உமியாக எடுத்துக்கொள்கிறோம். தரமான உமி ஒரு கிராமுக்கு 40 மில்லிலிட்டர் அளவுக்குக்கூட உப்பும்.

கணக்காகவே பார்க்கலாம். 5 கிராம் இசப்கோல் உமியில் பசையாகும் கரையும் நார் சுமார் 3.5 கிராம் கிடைக்கும். அதே அளவு பசையைச் சியாவிலிருந்து பெற ஏறக்குறைய 60 கிராம் விதை வேண்டும். கூடவே 290 கலோரியும் சுமார் 18 கிராம் கொழுப்பும் வயிற்றுக்குள் போகும். சியாவை உணவாக உண்பவருக்கு இது குறையல்ல, ஆனால் இசப்கோல் செய்யும் வேலையை ஒரு தேக்கரண்டிச் சியாவிடம் எதிர்பார்ப்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

செரிமானப் பாதையில் இந்தப் பசையை நம் நொதிகளால் உடைக்க முடியாது. சிறுகுடலில் அது உணவுக் கலவையைக் கெட்டியாக்குவதால் சர்க்கரை இரத்தத்தில் சேரும் வேகம் குறைகிறது. பித்த அமிலங்களில் ஒரு பங்கும் சிக்கி வெளியேறுவதால், அந்த இழப்பை ஈடுகட்டக் கல்லீரல் கொலஸ்டிராலைச் செலவிடுகிறது. இசப்கோலை உண்மையில் தனித்துக் காட்டுவது பெருங்குடல்தான். கரையும் நார்கள் பலவற்றைப் பெருங்குடல் நுண்ணுயிரிகள் நொதிக்கச் செய்து தின்றுவிடுவதால், அவை பிடித்திருந்த நீரும் போய்விடுகிறது. இசப்கோலின் பசை பெரும்பாலும் நொதிக்காமல் கடைசி வரை நீரோடு செல்கிறது. அதனால்தான் இறுகிய மலத்தை இளக்கும் அதே உமி, நீராகப் போகும் மலத்தை ஓரளவு கெட்டிப்படுத்தவும் உதவுகிறது. சியா மலத்துக்குப் பருமன் தரும். ஆனால் மெல்லப்படாத விதைகள் பல அப்படியே வெளியேறக்கூடும் என்பதால், அதன் ஒமேகா-3 கொழுப்பை நாடுபவர் பொடித்து உண்பதே பயனுள்ளது.

இரண்டிலும் தவறு நேர்வது பெரும்பாலும் தண்ணீரில்தான். 2014-இல் அமெரிக்க மருத்துவ மாநாடு ஒன்றில் விவரிக்கப்பட்ட நோயாளி, ஒரு மேசைக்கரண்டி உலர்ந்த சியாவை விழுங்கி அதன் மேல் தண்ணீர் குடித்தார். விதைகள் உணவுக்குழாயிலேயே ஊறிக் கட்டியாகி அடைத்துக்கொண்டன. சியாவை 10 மடங்கு நீரில் போட்டு, 5 நிமிடம் கழித்து மறுபடி கலக்கி, அரை மணி நேரம் ஊறவிட்டால் ஊறும் வேலை கிண்ணத்திலேயே முடிந்துவிடும். அடியில் உலர்ந்த விதைகள் ஒட்டிக் கிடந்தால் இன்னும் ஊறவில்லை என்று பொருள்.

இசப்கோலுக்கு நேர்மாறான ஒழுங்கு வேண்டும். அதைக் காத்திருந்து குடிக்க முடியாது, சில நிமிடங்களிலேயே கரண்டி நிற்கும் அளவுக்கு இறுகிவிடும். எனவே முதலில் 2 அல்லது 3 கிராமில் தொடங்கி, 240 மில்லிலிட்டருக்குக் குறையாத நீரில் தூவிக் கலக்கி உடனே குடித்து, மேலும் ஒரு தம்ளர் தண்ணீர் குடிப்பது நல்லது. உமியை மொத்தமாகக் கொட்டினால் வெளிப்புறம் பசையாகி, உள்ளே உலர்ந்த மாவோடு கட்டிகள் உருவாகும். அவற்றை விழுங்கக் கூடாது.

விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களும், குடல் சுருக்கம் அல்லது அடைப்பு ஏற்பட்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இரண்டையும் தொடக் கூடாது. குடித்தபின் நெஞ்சில் அடைப்போ வாந்தியோ வந்தால் மேலும் தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வழக்கமாக மாத்திரை சாப்பிடுபவர்கள், பசை அதன் உறிஞ்சலைக் குறைக்கலாம் என்பதால், மாத்திரைக்கும் இசப்கோலுக்கும் இடையே குறைந்தது 2 மணி நேரம் விட வேண்டும்.