அட்ஜெக்டிவ் வரிசையா, அட்வெர்ப் இடமா: ஆறு வாரத்தில் எதற்கு நேரம் கொடுப்பது?

ஐஈஎல்டிஎஸ் முதல் முறை எழுதியபோது பேச்சில் 6.5, எழுத்தில் 6. பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்யப் பேச்சில் 7, எழுத்தில் 6.5 வேண்டும். இரண்டிலுமே அரைப் புள்ளிதான் குறைவு. மறுபடி எழுத முடிவு செய்தபோது என்னிடம் ஆறு வாரம் இருந்தது. டியூட்டி முடிந்து சத்துவாச்சாரியில் இருக்கும் அறைக்கு வந்து, குளித்துச் சாப்பிட்டால் மிஞ்சுவது ஒரு மணி நேரம். கையில் இருந்த கைடில் சொல் வரிசைக்கு இரண்டு பாடங்கள் இருந்தன. ஒன்று பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அட்ஜெக்டிவ்களை எந்த வரிசையில் அடுக்குவது என்பது. இன்னொன்று அட்வெர்பை வாக்கியத்தில் எங்கே வைப்பது என்பது. இரண்டுக்கும் சமமாக நேரம் கொடுக்க முடியாது என்று தெரிந்ததும் நான் அட்வெர்பைத் தேர்ந்தெடுத்தேன். ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் கூடப் படித்தவர்களில் பெரும்பாலானவர்கள் நேர் எதிராகத்தான் செய்தார்கள்.

அவர்கள் அப்படிச் செய்ததற்குக் காரணம் இருக்கிறது. அட்ஜெக்டிவ் வரிசைக்கு ஒரு அட்டவணை உண்டு: நம் அபிப்பிராயம், அளவு, வயது, வடிவம், நிறம், ஊர் அல்லது நாடு, எதனால் செய்தது, எதற்காகச் செய்தது. எட்டுக் கட்டம், மனப்பாடம் செய்துவிடலாம், செய்து முடித்தால் ஒரு பாடம் முடிந்த திருப்தியும் வரும். அட்வெர்புக்கு அப்படி ஒரே அட்டவணை கிடையாது.

நான் செய்த முதல் வேலை, பேச்சுத் தேர்வின் இரண்டாம் பகுதியைப் போலவே ஒரு நிமிடம் யோசித்துவிட்டு இரண்டு நிமிடம் செல்போனில் பேசிப் பதிவு செய்து, அதை அப்படியே தாளில் எழுதிப் பார்த்தது. 'நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஒரு பொருள்' என்பது தலைப்பு. அப்பா ஆம்பூரில் வாங்கித் தந்த தோல் பையைப் பற்றிப் பேசியிருந்தேன். அதில் நான்கு வாக்கியம் இது:

"மை ஃபாதர் லாஸ்ட் இயர் ஃப்ரம் ஆம்பூர் பாட் எ நைஸ் பிக் பிளாக் லெதர் பேக். ஐ லைக் வெரி மச் திஸ் பேக். ஆல்வேஸ் ஐ ஆம் கீப்பிங் இன் திஸ் மை யூனிஃபார்ம். எவ்ரி சண்டே ஐ க்ளீன் வெல் தி பேக்."

முதல் வாக்கியத்தில் 'பேக்' என்ற சொல்லுக்கு முன்னால் நான்கு அட்ஜெக்டிவ் வரிசையாக நிற்கிறது. நைஸ், பிக், பிளாக், லெதர். அபிப்பிராயம், அளவு, நிறம், தோல். நான்கும் சரியான இடத்தில். அப்போது நான் அந்த அட்டவணையை மனப்பாடம் செய்யவே இல்லை! எப்படிச் சரியாக வந்தது என்று யோசித்தபோதுதான் புரிந்தது, நாம் தமிழிலும் அதே வரிசையில்தான் சொல்கிறோம். 'அந்த ரெண்டு பெரிய கறுப்புத் தோல் பை' என்றுதான் வாய் வரும். 'தோல் கறுப்புப் பெரிய பை' என்று ஆம்பூர் கடைக்காரர் யாரும் சொல்ல மாட்டார். எதனால் செய்தது என்பது பொருளை ஒட்டியே நிற்கிறது, நிறம் அதற்கு முன்னால், அளவு அதற்கும் முன்னால், எண்ணிக்கை இன்னும் முன்னால். இரண்டு மொழியிலும் அடைமொழி பெயருக்கு முன்னால்தான் வரும் என்பதால் இந்தப் பழக்கம் நமக்கு இலவசமாகவே கிடைத்துவிடுகிறது.

இடறும் இடங்களும் இருக்கின்றன. பேச்சில் 'கறுப்புக் கலர் சின்ன பேக்' என்று நிறத்தை முன்னால் போடுவோம், அது 'எ பிளாக் ஸ்மால் பேக்' என்று போய்விடும். 'பெரிய அழகான வீடு' என்றும் சொல்வோம், ஆங்கிலத்தில் 'எ பியூட்டிஃபுல் பிக் ஹவுஸ்' என்று அபிப்பிராயம் முன்னால் வந்தால்தான் இயல்பு. இந்த இரண்டையும் கவனித்தால் பெரும்பாலான வேலை முடிந்தது. நடுவில் வரும் வயதும் வடிவமும் எது முன்னால் என்பதில் இலக்கணப் புத்தகங்களே ஒத்துப்போவதில்லை, அதனால் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். தவிர, பேசும்போது ஒரு பெயருக்கு முன்னால் மூன்று, நான்கு அட்ஜெக்டிவை யாரும் அடிக்கடி அடுக்குவதில்லை. ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

சரி, இப்போது அதே நான்கு வாக்கியத்தை அட்வெர்புக்காகப் பாருங்கள். நான்கிலும் தப்பு. மதிப்பெண்ணை முடிவு செய்தது இதுதான் என்று நினைக்கிறேன். ஐஈஎல்டிஎஸ் பேச்சு, எழுத்து இரண்டிலும் இலக்கணத்துக்குக் கால் பங்கு மதிப்பெண். அதில் 7 வாங்க, பிழையில்லாத வாக்கியங்கள் அடிக்கடி வர வேண்டும் என்று மதிப்பீட்டு விதியிலேயே இருக்கிறது. அதாவது எவ்வளவு பெரிய தப்பு என்பதோடு, எத்தனை வாக்கியத்தைத் தப்பு தொட்டிருக்கிறது என்பதும் கணக்கு. அட்ஜெக்டிவ் தப்பு எப்போதாவது ஒரு வாக்கியத்தைத் தொடும். எப்போது, எங்கே, எப்படி, எவ்வளவு அடிக்கடி என்று ஏதாவது ஒன்று ஏறக்குறைய எல்லா வாக்கியத்திலும் வருவதால் அட்வெர்ப் தப்பு எல்லாவற்றையும் தொட்டுவிடுகிறது.

'க்ளீன் வெல் தி பேக்' எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் மருந்தும் தெரிந்துவிடும். தமிழில் 'பையை நன்றாகத் துடைப்பேன்'. நன்றாக என்பது துடைப்பேன் என்பதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் வினைச்சொல் முன்னால் போக வேண்டும் என்பது நமக்குத் தெரியும், அதனால் துடைப்பதை முன்னால் தூக்கி வைக்கிறோம், ஒட்டிக்கொண்டிருந்த 'நன்றாக' கூடவே போய்விடுகிறது, பை கடைசியில் தனியாக நிற்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் வினையும் அது எதைச் செய்கிறதோ அந்தப் பொருளும்தான் ஒட்டிக்கொண்டு வர வேண்டும், நடுவில் அட்வெர்ப் நுழையக் கூடாது. 'ஐ க்ளீன் தி பேக் வெல்.' 'ஐ லைக் திஸ் பேக் வெரி மச்.'

இதைத் தெரிந்துகொள்ள ஒரு நாள் போதும், வாயில் வர வைக்கத்தான் வாரங்கள் ஆகின்றன. எழுத்துத் தேர்வில் கடைசி ஐந்து நிமிடத்தை ஒதுக்கி, 'லி' என்று முடியும் சொற்களையும் 'வெல்', 'வெரி மச்' போன்றவற்றையும் தேடி, இடப்பக்கம் வினையும் வலப்பக்கம் அதன் பொருளும் இருந்தால் அடித்துவிட்டு மாற்றி எழுதலாம். பேச்சில் திரும்பிப் போக முடியாது. அதற்கு என் அறைத்தோழி, என்னைவிட நான்கு வருஷம் சீனியரான அக்கா, ஒரு வழி சொன்னார். "ரூலை இன்னாத்துக்குமா சொல்லிட்டு இருக்க? நீ தினமும் செய்ற பத்து வேலையை எடு, செய்றதையும் பொருளையும் ஒரே மூச்சுல சொல்லு, அப்புறமா எப்படின்னு சேர்த்துக்கோ." அப்படியே செய்தேன். 'செக் தி ட்ரிப்', ஒரு மூச்சு, 'கேர்ஃபுலி'. 'வாஷ் யுவர் ஹேண்ட்ஸ்', 'தரோலி'. 'எக்ஸ்பிளெயின் தி டோஸ்', 'கிளியர்லி'. வார்டில் நடக்கும்போதுகூட மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். மூன்றாம் வாரத்தில்தான் யோசிக்காமல் வர ஆரம்பித்தது.

இதற்கு விலக்கு உண்டு, தெரியாவிட்டால் சரியானதையும் திருத்திக் கெடுத்துவிடுவோம். 'லிசன் கேர்ஃபுலி டு தி பேஷண்ட்' சரிதான், ஏனென்றால் நடுவில் 'டு' இருக்கிறது. பொருள் மிக நீளமாக இருந்தாலும் அட்வெர்ப் முன்னால் வரலாம்: 'ஷீ எக்ஸ்பிளெயின்ட் கிளியர்லி வாட் தி பேஷண்ட் ஷுட் டூ'.

'ஆல்வேஸ்', 'யூஷுவலி', 'ஆஃபன்' வகைக்கு இடம் நடுவில். சாதாரண வினைக்கு முன்னால், 'ஆம், இஸ், ஆர்' வந்தால் அதற்குப் பின்னால், 'ஹேவ்', 'கேன்' போன்ற துணை வினை வந்தால் முதல் துணை வினைக்குப் பின்னால். 'ஐ ஆல்வேஸ் கீப் மை யூனிஃபார்ம் இன் இட்.' 'ஐ ஆம் ஆல்வேஸ் லேட்.' 'ஐ ஹேவ் ஆல்வேஸ் வாண்டட் திஸ்.' இடமும் நேரமும் சேர்ந்து வந்தால் நமக்கு நேரம் முதலில், அவர்களுக்குப் பெரும்பாலும் இடம் முதலில்: 'ஐ வெண்ட் டு காட்பாடி யெஸ்டர்டே'. குழப்பமாக இருந்தால் நேரத்தை வாக்கியத்தின் ஆரம்பத்தில் வைத்துவிடுங்கள், அதுவும் சரி. எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் மட்டும் திணிக்காதீர்கள்.

'ஒன்லி' தனிக் கதை. 'நான் வேலூர்தான்' என்பதை 'ஐ ஆம் ஃப்ரம் வேலூர் ஒன்லி' என்று சொல்வோம். நம் தான் ஒரு அழுத்தம், அவர்களின் ஒன்லி 'மட்டும்'. அங்கே அதை எடுத்துவிட்டு வேலூரை அழுத்திச் சொன்னால் போதும். எழுத்தில் இதன் இடம் மாறினால் அர்த்தமே மாறும். 'ஒன்லி தி நர்ஸ் சைன்ட் தி ஃபார்ம்' என்றால் வேறு யாரும் கையெழுத்துப் போடவில்லை. 'தி நர்ஸ் சைன்ட் ஒன்லி தி ஃபார்ம்' என்றால் வேறு எதிலும் போடவில்லை. தமிழில் 'மட்டும்' எந்தச் சொல்லின் வாலில் ஒட்டுகிறதோ, அந்தச் சொல்லின் தலைமாட்டில் 'ஒன்லி'யை வையுங்கள்.

இரண்டாம் முறை பேச்சில் 7, எழுத்தில் 6.5 வந்தது. இது அட்வெர்பால் மட்டும் வந்தது என்று சொல்ல மாட்டேன், உச்சரிப்பும் கொஞ்சம் தேறியிருந்தது, தலைப்பும் எனக்குச் சாதகமாக அமைந்தது.

நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகைத் தேர்வாக இருந்தால் என் கணக்கு அப்படியே பொருந்தாது. குடியாத்தத்தில் இருக்கும் என் தம்பி பேங்க் தேர்வுக்குப் படிக்கிறான், அந்த மாதிரித் தாள்களை நான் அவன் புத்தகத்தில் பார்த்ததோடு சரி. அங்கே அட்ஜெக்டிவ் வரிசை ஒரு கேள்வியாக வந்தால் அது ஒரு முழு மதிப்பெண், பேச்சும் கிடையாது, பிழை எத்தனை வாக்கியத்தைத் தொடுகிறது என்ற கேள்வியும் இல்லை. அவனுக்கு எட்டுக் கட்டத்தையும் படிக்கச் சொன்னேன், இரண்டு சாயங்காலம் போதும். விடைகளைப் பார்க்கும்போது முதலில் இரண்டு முனையையும் பிடிக்கச் சொன்னேன். அபிப்பிராயம் முதலில் இல்லாத விடையையும், பெயருக்குப் பக்கத்தில் தோலோ மரமோ பட்டோ நிற்காத விடையையும் அடித்துவிட்டால் பெரும்பாலும் இரண்டு விடைதான் மிஞ்சும், அதில் அளவு நிறத்துக்கு முன்னால் இருப்பதைத் தொடலாம். மறந்துபோனால் அப்பா வாங்கித் தந்த அந்தப் பையைத் தமிழில் ஒரு முறை சொல்லிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.