டிப்பர் மோதிக் கால் முறிந்தால்: கைக்காசா, காப்புறுதியா, மாவட்ட நீதிமன்றமா?

வன்னியில் விபத்தில் காயப்பட்டவருக்கு முன்னால் வழக்கமாக மூன்று வழிகள் வருகின்றன. வாகனச் சொந்தக்காரர் தரும் காசை வாங்கிக்கொண்டு பொலிஸில் இணக்கமாக முடிப்பது ஒன்று. அந்த வாகனத்தின் காப்புறுதிக் கம்பனியிடம் நேரே நட்டஈடு கேட்பது இன்னொன்று. மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடுவது மூன்றாவது. எதில் கூடக் காசு வரும் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். ஒரு வழியில் போனால் மற்ற வழி மூடிவிடுமா என்பதை அதற்கு முதலே கேட்க வேண்டும். பலர் இழந்தது அங்கேதான்.

பேச்சுக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். தர்மபுரம் பக்கத்தில் மேசன் வேலை செய்பவர், வயது 38, நாட்சம்பளம் 3,500 ரூபாய். 2025 மார்ச் 10 பின்னேரம் பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் மோட்டார் சைக்கிளில் வருகிறார். எதிரே வந்த மண் டிப்பர் சிக்னல் போடாமல் குறுக்கே ஒழுங்கைக்குத் திரும்புகிறது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. கிளிநொச்சி வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு மாற்றி, பிளேட் வைக்கிறார்கள்.

நாலாம் நாள் டிப்பர் சொந்தக்காரர் பழங்களோடு வார்டுக்கு வருகிறார். "அண்ணை, கோடு கச்சேரி எண்டு அலையாதேங்கோ. அறுபதாயிரம் தாறன், பொலிஸில ஒரு சைன் வைச்சு முடிப்பம்." மனிதர் கெட்டவர் என்றில்லை. டிப்பர் பொலிஸ் நிலையத்தில் நிற்கும் ஒவ்வொரு நாளும் அவருக்கு நட்டம். வீட்டில் அரிசிக்குக் காசில்லாத குடும்பத்துக்கு அறுபதாயிரம் பெரிய தொகையும்தான்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். மாதம் 22 நாள் வேலை என்றால் 77,000 ரூபாய். முறிந்த கால் சாரம் ஏறும் அளவுக்குத் தேற ஆறு மாதம் என்று வைத்தால், வேலையிழப்பு மட்டும் 462,000. கிளினிக்குக்கு யாழ்ப்பாணம் போய்வரும் வாகனச் செலவு, பின்னொரு நாள் பிளேட் எடுக்கும் சத்திரசிகிச்சை, வேதனைக்கான நட்டஈடு எல்லாம் அதற்கு மேலே. கால் கட்டையாகிவிட்டால் பழைய வேலைக்கே போக முடியாது. அது இன்னொரு பெரிய கணக்கு. நாலாம் நாளில் இதில் எதுவும் வைத்தியருக்கே தெரியாது.

அந்தக் கையெழுத்தோடு வரும் வசனம் அதைவிட முக்கியம். "இதற்குப் பிறகு எனக்கு எந்த முறைப்பாடும் இல்லை" என்று பதிந்தால், பிறகு கம்பனிக்குப் போகும்போது அந்தப் பிரதியையே முன்னால் வைப்பார்கள். சிராய்ப்பு, வீக்கம், சைக்கிள் ரிம் வளைந்தது என்ற அளவில் இணக்கம் நல்ல வழிதான். நானும் அதைத்தான் சொல்வேன். எலும்பு முறிவு, தலையில் அடி, மயக்கம் என்றால் இணக்கமாக முடிக்கவே கூடாது. காசு கட்டாயம் தேவை என்றால் வாங்குங்கள். பற்றுச்சீட்டில் "மோட்டார் சைக்கிள் திருத்துவதற்காக மட்டும்" அல்லது "மருந்துச் செலவுக்கு முற்பணமாக" என்று எழுதியே வாங்குங்கள். இந்த ஒரு வரி மற்ற இரண்டு வழிகளையும் திறந்து வைத்திருக்கும்.

இரண்டாவது வழி காப்புறுதி. இங்கே பெரிய குழப்பம் ஒன்று இருக்கிறது. விபத்து நடந்த இடத்துக்கே ஆள் வந்து படம் எடுத்துக் காசு கொடுக்கிறார்களே, அது பெரும்பாலும் தன் வாகனத்துக்கு முழுக் காப்புறுதி எடுத்தவரின் வாகனச் சேதத்துக்கானது. காயப்பட்ட மற்ற ஆளின் கோரிக்கை, மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் மூன்றாந்தரப்புக் காப்புறுதியின் கீழ் வருவது. டிப்பருக்கு வெறும் "தேர்ட் பார்ட்டி" மட்டும் இருந்தாலும் மேசனின் காலுக்கு அது போதும். சாரதி கையில் வைத்திருக்கும் காப்புறுதி அட்டையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் பொலிஸ் போக்குவரத்துப் பிரிவில் கேட்டுக் கம்பனியின் பெயரையும் பத்திர இலக்கத்தையும் எடுக்கலாம். பிறகு நீங்களே கம்பனிக்குப் பதிவுத் தபாலில் எழுதலாம்; சொந்தக்காரர் அறிவிப்பார் என்று காத்திருக்க வேண்டாம்.

கம்பனி கேட்கும் கடதாசிகளில் இரண்டுதான் தலையானவை. முதலாவது பொலிஸ் முறைப்பாட்டின் உறுதிப்படுத்திய பிரதி. அதில் இருக்கும் உங்கள் வாக்குமூலம் பெரும்பாலும் வார்டில், ஊசி மயக்கத்தில், வலியோடு சொன்னது. "எப்படி அடிபட்டது எண்டு தெரியாது" என்று சொல்லிவிட்டால் அதுவே கடைசிவரை தொடரும். நினைவு தெளியவில்லை என்றால் பிறகு சொல்கிறேன் என்று சொல்லலாம். பின்னர் மேலதிக வாக்குமூலமும் கொடுக்கலாம். வட மாகாணத்தில் தமிழில் பதியச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. வாசித்துக் காட்டாத எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். டிப்பர் சிக்னல் போட்டதா, எந்தப் பக்கத்தில் வந்தது, மோட்டார் சைக்கிள் விழுந்த இடம் எது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். வாகனங்களை எடுக்கும் முன் உறவினர் யாராவது எடுத்த போன் படங்கள், பொலிஸ் வரையும் வரைபடத்தில் பிழை வந்தால் கைகொடுக்கும்.

இரண்டாவது சட்ட வைத்தியக் கடதாசி. இதில்தான் ஆட்கள் அதிகம் வழுக்குகிறார்கள். வாகன விபத்தில் வந்தவருக்குப் பொலிஸ் ஒரு சட்ட மருத்துவப் பரிசோதனைப் படிவம் கொடுக்க வேண்டும், எம்.எல்.இ.எஃப். என்பார்கள், ஆட்கள் பேச்சில் "பொலிஸ் போம்". சட்ட வைத்திய அதிகாரியோ அவர் சார்பில் இன்னொரு வைத்தியரோ காயத்தைப் பார்த்து அதை நிரப்புவார். முழு அறிக்கை பிறகு, நீதிமன்றம் கேட்கும்போது அனுப்பப்படும்; வழமையாக அதை நோயாளியின் கையில் தருவதில்லை. காயம் சாதாரணமானதா, கடுங்காயமா என்ற வகைப்படுத்தல் இந்தக் கடதாசியில்தான் இருக்கிறது. எலும்பு முறிவு தண்டனைச் சட்டக்கோவையின் 311ஆம் பிரிவின்படி கடுங்காயம். 20 நாள் கடும் வலியோடு இருந்தாலோ, 20 நாள் வழமையான வேலை செய்ய முடியாமல் போனாலோ அதுவும் அப்படியே. எனவே வார்டில் தாதியிடம் கேளுங்கள்: "மிஸ், சட்ட வைத்தியர் என்னைப் பார்த்திட்டாரா?" கிளிநொச்சியில் பார்க்க முன்னமே யாழ்ப்பாணத்துக்கு மாற்றப்பட்டிருந்தால், அங்கேயுள்ள வைத்தியசாலைப் பொலிஸிடம் படிவம் வந்து சேர்ந்ததா என்று விசாரியுங்கள். பார்க்காமலே வீடு வந்துவிட்டால் பொலிஸிடம் திரும்பிப் போய்ப் படிவம் வாங்கி, காயம் ஆறிப்போக முன்னம் காட்டுங்கள்.

நம்மூர் வழக்கம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். முறிவுக்கு நாட்டு வைத்தியரிடம் புக்கை கட்டப் போவதற்காக வார்டில் கையெழுத்து வைத்துவிட்டுத் தாங்களாகவே வெளியேறுகிறார்கள். நாட்டு வைத்தியத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் டயக்னோசிஸ் கார்டில் "வைத்திய ஆலோசனைக்கு மாறாக வெளியேறினார்" என்று விழுந்தால், கால் கோணலானது டிப்பரால் அல்ல, சிகிச்சையை விட்டதால் என்று கம்பனி வாதிட இடம் கிடைக்கும். எக்ஸ்ரே படத்தையும் கார்டையும் கொடுத்துவிடாமல் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வருமானத்துக்கு மேசனிடம் சம்பளச் சீட்டு இருக்காது. வேலை கொடுத்தவர்களின் கடிதங்கள், வீட்டுத்திட்ட வேலையில் கையெழுத்திட்ட கொப்பி, கிராம அலுவலர் கடிதம் என்று சேர்த்தால் போதும்.

கம்பனியார் அனேகமாக நீதவான் நீதிமன்ற வழக்கின் முடிவுக்குக் காத்திருப்பார்கள். பொலிஸ் சாரதிக்கு எதிராகப் போடும் வழக்கு அது. சாரதி குற்றத்தை ஏற்றுக்கொண்டால் பேச்சு சுலபமாகும். நீதவான் குற்றவாளிக்குத் தண்டனையோடு நட்டஈடும் கட்டளையிடலாம். ஆனால் மேசனின் முழு இழப்பையும் அங்கே எதிர்பார்க்க முடியாது.

மூன்றாவது வழியை இரண்டாவதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். நீதிமன்றத் தீர்ப்பு இருந்தால்தான் அந்தக் காசைக் கட்டும் சட்டக் கடமை கம்பனிக்கு வருகிறது. அதற்கு முன் அவர்கள் தருவது பேரம் பேசித் தரும் காசு. ஆக, கம்பனியோடு பேசும்போது உங்கள் பலமே பின்னால் நிற்கும் வழக்குத்தான். அந்த வழக்குக்குக் காலாவதிச் சட்டம் கொடுக்கும் காலம் விபத்து நாளிலிருந்து இரண்டு வருடம். "ஃபைல் கொழும்புக்குப் போயிருக்கு, அடுத்த மாதம் பார்ப்பம்" என்று கம்பனி சொல்லிக்கொண்டிருப்பதால் இந்தக் கடிகாரம் நிற்காது. நீதவான் வழக்கு முடியாததாலும் நிற்காது. நம் மேசனுக்கு 2027 மார்ச் 10 வரும்போது வழக்கு தாக்கலாகாமல் இருந்தால், பேரத்தில் அவர் கை வெறுங்கைதான்.

இன்னொரு நாளும் இருக்கிறது. வழக்கு தாக்கல் செய்ய முன்னமோ, தாக்கலாகி 7 நாட்களுக்குள்ளோ காப்புறுதிக் கம்பனிக்கு அறிவித்தல் போயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சாரதிக்கும் சொந்தக்காரருக்கும் எதிராகத் தீர்ப்பு வந்தாலும் கம்பனி கைவிரிக்கலாம். சட்டத்தரணியிடம் "கம்பனிக்கு நோட்டீஸ் போட்டாச்சா, பதிவுத்தபால் துண்டு எங்கே" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

வழக்கின் குறை காலம், வருடக்கணக்கில் இழுக்கும். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவில் வருமானத்தைக் காட்டி விண்ணப்பிக்கலாம். உங்களிலும் பிழை இருந்தது என்று கண்டால் 1968இன் 12ஆம் இலக்கச் சட்டப்படி அந்தப் பங்கைக் கழிப்பார்கள்: நட்டஈடு 10 இலட்சம் என்று வந்து பிழை காற்பங்கு என்றால் கையில் ஏழரை இலட்சம். இந்தப் பயத்தைக் காட்டியே ஆட்களைக் குறைவுக்கு ஒத்துக்கொள்ளச் செய்வதும் உண்டு. ஹெல்மெட் போடாதது தலைக்காயத்துக்குப் பொருந்தும்; கால் முறிந்ததுக்கும் அதுக்கும் என்ன தொடர்பு என்று கேளுங்கள்.

அதனால் எலும்பு முறிவுக்கு என் தெரிவு இதுதான்: கம்பனிக்கு முதல் மாதத்திலேயே கடிதம், கால் எவ்வளவு தேறும் என்று எலும்பு வைத்தியர் எழுதித் தரும்வரை "முழுமையானதும் இறுதியானதுமான தீர்வு" என்ற சீட்டில் கையெழுத்து இல்லை, பதினெட்டாம் மாதத்திலும் பேச்சு முடியாவிட்டால் ஃபைலோடு சட்டத்தரணியிடம். மீதி ஆறு மாதம் வழக்குத் தயாரிப்புக்கு.

அடித்த வாகனம் நிற்காமல் ஓடி, இலக்கமும் தெரியாவிட்டால் இந்த மூன்றும் உதவாது. அப்போது வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையின் நிதியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். கம்பனி கொடுக்கக்கூடிய அளவுக்கு அங்கே வராது. பொலிஸ் முறைப்பாடும் வைத்தியக் கடதாசியும் அங்கேயும் கேட்பார்கள்.