கோடு போடுவதா, எண்ணிப் பார்ப்பதா?

மாலையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். போன வருடம் ஒரு மாதத் தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு இப்படி ஒரு வினா வைத்தேன்:

"மின்மாற்றியின் தத்துவத்தைக் கூறி, அதன் அமைப்பைப் படத்துடன் விளக்கி, மின்னழுத்த மாற்று விகிதத்திற்கான கோவையைப் பெறுக. ஏற்று மின்மாற்றியில் மின்னோட்டம் குறைவது ஏன்?"

பாடம் தெரியாதவர் என்று வகுப்பில் யாரும் இல்லை. ஆனாலும் பாதிப் பேருக்கு மேல் முழு மதிப்பெண் வாங்கவில்லை. சிலர் தத்துவத்தை ஒரு வரிகூட எழுதாமல் நேராகப் படத்துக்குப் போயிருந்தார்கள். பலர் கடைசி 'ஏன்' பக்கமே போகவில்லை. விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்தபோது, "அதையும் கேட்டிருந்தீங்களா சார்?" என்றார்கள். அதற்கப்புறம்தான் வினாவைப் பிரித்துப் படிக்க ஏதாவது ஒரு முறையைப் பழக்கியாக வேண்டும் என்று முடிவு செய்தேன். மூன்றை முயன்று பார்த்தோம்.

முதலாவது எல்லாருக்கும் தெரிந்தது: முக்கியச் சொற்களுக்கு அடியில் கோடு போடுவது. இரண்டாவது, எழுதி முடித்த பின் வினாவைத் திரும்பப் படித்துச் சரிபார்ப்பது. மூன்றாவது, எழுதத் தொடங்கும் முன்பே அந்த வினா எத்தனை வேலை கேட்கிறது என்று எண்ணி, அந்த எண்ணை விடையின் தலையில் சின்னதாகக் குறித்துவிடுவது. நான் மூன்றாவதன் பக்கம். ஏன் என்று சொல்கிறேன்.

திரும்பப் படிப்பதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கடைசிப் பத்து நிமிடம் மிச்சமிருந்தால்தான் அது நடக்கும், பெரும்பாலும் மிச்சமிருக்காது. மிச்சமிருந்தாலும், ஏற்கெனவே எழுதியதைத்தான் கண் வினாவில் தேடுகிறது. விட்டது கண்ணில் படுவதில்லை.

கோடு போடுவதில் வேறு சிக்கல். பொதுத்தேர்வில் வினாத்தாள் படிக்கக் கொடுக்கும் முதல் பத்து நிமிடத்தில் எழுத முடியாது. வினாத்தாளில் பதிவெண் தவிர எதையும் குறிக்கக் கூடாது என்று அறைக் கண்காணிப்பாளர் சொல்லிவிட்டால் அப்புறமும் முடியாது. வருடம் முழுக்கக் கோடு போட்டே பழகியவர் அன்றைக்குக் கையில் ஆயுதம் இல்லாமல் நிற்பார். அதைவிடப் பெரிய குறை, எந்தச் சொல்லுக்குக் கோடு விழுகிறது என்பது. என் பிள்ளைகளின் தாள்களைப் பார்த்தேன். 'மின்மாற்றி', 'மாற்று விகிதம்', 'கோவை' ஆகியவற்றுக்குக் கோடு இருந்தது. எல்லாம் பாடச் சொற்கள். 'கூறி', 'படத்துடன்', 'ஏன்' மூன்றும் வெறுமையாக இருந்தன. கோடு போட்டவர் தெரிந்த சொல்லைத்தான் கொண்டாடியிருக்கிறார், கேட்ட வேலையை அல்ல.

இங்கேதான் தமிழ் வழி மாணவருக்கு ஒரு பொறி இருக்கிறது. நம் வாக்கியத்தில் முற்றுவினை கடைசியில் வரும். 'பெறுக', 'விளக்குக', 'நிறுவுக' என்று அந்த ஒன்று மட்டுமே கட்டளை மாதிரி ஒலிக்கும். அதற்கு முன்னால் வரும் வேலைகளெல்லாம் 'கூறி', 'வரையறுத்து', 'விளக்கி' என்று வினையெச்சமாகச் சுருங்கிவிடும். "லென்ஸ் விதியைக் கூறி, அது ஆற்றல் மாறா விதியின் அடிப்படையில் அமைந்தது என நிறுவுக" என்று கேட்டால், நிறுவுவதில் மும்முரமாகி விதியைச் சொல்லாமலே முடித்துவிடுகிறார்கள். இதையே இரண்டு தனி வாக்கியமாகக் கேட்டிருந்தால் யாரும் விடமாட்டார்கள்.

எண்ணும் முறையில் கடைசி முற்றுவினையை ஒன்றாக வைத்துக்கொண்டு, அதோடு நாங்கள் இன்னும் நான்கு இடங்களைப் பார்க்கிறோம்: வினையெச்சம், 'உடன்' என்று முடியும் சொல், 'மற்றும்' அல்லது இரட்டை 'உம்', அப்புறம் வினாச்சொல். மேலே உள்ள மின்மாற்றி வினாவில் கூறி ஒன்று, விளக்கி இரண்டு, படத்துடன் மூன்று, பெறுக நான்கு, ஏன் ஐந்து. விடை எழுதும் பக்கத்தின் தலையில் பென்சிலால் 5 என்று போட்டுவிட்டு எழுத வேண்டியதுதான். பரிமாற்று மின்தூண்டல் என்ற தத்துவம், இரும்பு உள்ளகமும் இரு சுருள்களும் கொண்ட அமைப்பு, படம், V_s/V_p = N_s/N_p = K என்ற கோவை. இத்தனை எழுதி நிமிர்ந்தால் நான்குதான் ஆகியிருக்கும். இன்னும் ஒன்று பாக்கி என்பதை வினாவைப் படிக்காமலே அந்த 5 சொல்லிவிடும். பாக்கி இருப்பதும் இரண்டே வரி: இழப்பில்லாத மின்மாற்றியில் உள்ளீடு திறனும் வெளியீடு திறனும் சமம், V_p I_p = V_s I_s, ஆகவே மின்னழுத்தம் கூடினால் மின்னோட்டம் குறைந்தாக வேண்டும்.

மூன்றில் இதைத் தேர்ந்தெடுக்க எனக்கு இந்த ஒரு காரணம் போதும். கோடு எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டும்; வேலை முடிந்ததா என்று அதற்குத் தெரியாது. எண்ணுக்குத் தெரியும். ஐந்து எழுதியிருக்கும் இடத்தில் நான்கு துண்டுதான் இருக்கிறது என்றால், எது என்று உடனே தெரியாவிட்டாலும் ஒன்று குறைகிறது என்பது உறுதி. வினாத்தாளில் கை வைக்கவும் தேவையில்லை. வினாத்தாள் படிக்கும் அந்த முதல் பத்து நிமிடத்தில் மனத்துக்குள்ளேயே எண்ணி வைத்துக்கொள்ளலாம். விடைக்குறிப்பில் துண்டு துண்டாகத்தான் மதிப்பெண் போடுகிறார்கள் என்பதால், கோவையை எவ்வளவு அழகாக வருவித்தாலும் விட்டுப்போன படத்துக்கு அது ஈடாகாது.

எண்ணும்போது ஒரு தப்பு நடக்கும், அதையும் சொல்ல வேண்டும். "காஸ் விதியைப் பயன்படுத்தி, மின்னூட்டம் பெற்ற முடிவிலா நீளக் கம்பியினால் ஏற்படும் மின்புலத்திற்கான கோவையைப் பெறுக" என்று இருந்தால், ஆரம்பத்தில் சிலர் இதை இரண்டு என்று எண்ணினார்கள். காஸ் விதியைத் தனியாக அரைப் பக்கம் எழுதி நேரத்தை விட்டார்கள். இதற்கு எளிய சோதனை, அந்த எச்சத்தை முற்றாக மாற்றிப் பார்ப்பது. 'தத்துவத்தைக் கூறுக' தனி வினாவாக நிற்கும். 'காஸ் விதியைப் பயன்படுத்துக' நிற்காது. எதற்கு என்ற கேள்வி மிஞ்சும். நிற்காதது வேலை அல்ல, நிபந்தனை. அதை எண்ணக் கூடாது, ஆனால் மறக்கவும் கூடாது. கூலும் விதியில் தொடங்கி அதே கோவைக்கு வந்து சேர்ந்தாலும் கேட்டது அதுவல்ல.

கணக்குகளில் 'உம்' தான் ஆள் விழுங்கி. "விசையின் எண்மதிப்பையும் திசையையும் காண்க" என்றால் எண் வந்ததும் பேனா அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறது. 2 என்று குறித்திருந்தால் கொஞ்சம் நிற்கிறது.

இதனால் கோடு போடுவதே வீண் என்று சொல்லமாட்டேன். வீட்டில் பழைய வினாத்தாள்களைப் படிக்கும்போது பாடச் சொற்களை விட்டுவிட்டு 'கூறி', 'உடன்', 'ஏன்' இவற்றுக்கு மட்டும் கோடு போடச் சொல்கிறேன். இரண்டு மாதம் அப்படிப் பழகினால் கோடில்லாமலே கண் அங்கே போகிறது.

இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் இது ஒத்துவருவதை நானே பார்த்தேன். வரலாற்றில் எப்படி என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. "காரணங்களையும் விளைவுகளையும் ஆராய்க" என்ற வினாவை எண்ணினால் 2 தான் வரும். ஒவ்வொன்றின் கீழும் எத்தனை கருத்து எழுத வேண்டும் என்பதை அந்த 2 சொல்லாது. அங்கே மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும் போல.

இன்னொரு உபயோகம் பிள்ளைகள் தாங்களாகக் கண்டுபிடித்தது. ஐந்து மதிப்பெண் பகுதியில் எல்லாம் 'அல்லது' வினாக்கள். முன்பெல்லாம் தெரிந்த தலைப்பைப் பார்த்ததும் அதையே எடுப்பார்கள். இப்போது இரண்டு பக்கமும் எண்ணுகிறார்கள். ஐந்து வேலையில் நான்குதான் தெரியும், எதிர்ப்பக்கத்தில் இரண்டு வேலை, இரண்டும் தெரியும் என்றால் பேசாமல் அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள்.