கணக்கின் நாட்டை மாற்றுவதா, இன்னொரு கணக்கு தொடங்குவதா?

வேலைக்காக வேறு நாட்டில் குடியேறியவருக்கு அங்குள்ள வங்கியின் செயலி தேவைப்படுகிறது. ஸ்டோரில் தேடினால் அப்படி ஒரு செயலியே இல்லை. பக்கத்து மேசைக்காரரின் போனிலோ அது ஓடிக்கொண்டிருக்கிறது. ஆள் இடம் மாறினாலும், ஸ்டோர் முதலில் பார்ப்பது கணக்கில் பதிவாகியிருக்கும் நாட்டைத்தான். ஐபோனில், வேறு நாட்டில் இருப்பதுபோலக் காட்டும் வி.பி.என். போட்டும் பயனில்லாமல் போவது இதனால்தான்.

மறைப்பவர் பெரும்பாலும் செயலியை உருவாக்கியவரே. எந்தெந்த நாடுகளில் வெளியிடுவது என்று அவர்தான் குறித்துக் கொடுக்கிறார். வங்கிக்கு அந்த ஒரு நாட்டில் மட்டும் உரிமம் இருக்கும்; திரைப்படச் சேவைக்கு ஒளிபரப்பு உரிமை சில நாடுகளோடு நின்றுவிடும். அரசு உத்தரவால் நீக்கப்படுவதும் உண்டு. 2020 ஜூனில் இந்தியா தடை செய்த 59 செயலிகளில் டிக்டாக் ஒன்று.

காரணம் நாடுதானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஆப்பிள் ஸ்டோரில் செயலியின் இணைய முகவரியிலேயே நாட்டின் குறியீடு இருக்கும்:

```
apps.apple.com/de/app/...
```

இதில் ஜெர்மனியைக் குறிக்கும் `de` என்பதை ஜப்பானைக் குறிக்கும் `jp` என்று மாற்றிப் பாருங்கள். ஒன்றில் பக்கம் திறந்து மற்றதில் திறக்கவில்லை என்றால் நாடுதான் தடை. கூகுள் பிளேயில் செய்தியைக் கவனித்தாலே போதும்: 'உங்கள் நாட்டில் இல்லை' என்பது வேறு, 'உங்கள் சாதனத்துக்குப் பொருந்தாது' என்பது வேறு. இரண்டாவது என்றால் நாட்டை எத்தனை முறை மாற்றினாலும் பலனில்லை.

தடை நாடுதான் என்றால், இருக்கும் கணக்கின் நாட்டையே மாற்றலாம் அல்லது புதிய நாட்டில் இன்னொரு கணக்கு தொடங்கலாம். முதலாவது நேர்வழிபோலத் தோன்றும். ஆனால் ஆப்பிளில் அது வீடு காலி செய்வதைப் போன்றது. ஸ்டோர் கணக்கில் உள்ள மீதித் தொகையைச் செலவழித்துத் தீர்க்க வேண்டும். சந்தாக்களை ரத்து செய்தால் மட்டும் போதாது, அவற்றின் காலம் முடியும்வரை காத்திருக்கவும் வேண்டும். நம்மவர் நான்கு மாதங்களுக்கு முன் ஆண்டுச் சந்தா ஒன்று கட்டியிருக்கிறார் என்று வையுங்கள். இன்றே ரத்து செய்தாலும் மிச்சமுள்ள எட்டு மாதங்கள் ஓடி முடியும்வரை அவர் நாட்டை மாற்ற முடியாமல் போகலாம். வங்கி அதுவரை பொறுத்திருக்குமா? குடும்பப் பகிர்வில் இருந்தால் அதிலிருந்தும் விலக நேரிடலாம். புதிய நாட்டில் செல்லும் கட்டண முறையும் முகவரியும் வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு, பழைய நாட்டில் மட்டும் கிடைத்த செயலிகள் போனில் இருக்கும், ஆனால் அவற்றுக்குப் புதுப்பிப்பு வராது. நீக்கிவிட்டால் மீண்டும் இறக்க முடியாது. பழைய ஊர் வங்கியின் செயலியும் இந்த வகையில் சேரும் என்பது பலருக்கு மாற்றிய பிறகுதான் உறைக்கிறது.

கூகுளில் நடைமுறை இலகுவானது, பூட்டு கடுமையானது. புதிய நாட்டில் இருந்தால்தான் மாற்றும் வாய்ப்பே திரையில் தெரியும்; அந்நாட்டுக் கட்டண முறை ஒன்றைச் சேர்க்க வேண்டும். பழைய மீதித் தொகை அழியாது, ஆனால் புதிய நாட்டில் பயன்படாது. மாற்றம் கணக்கில் தெரிய 48 மணி நேரம்வரை ஆகலாம். ஒருமுறை மாற்றினால் ஓராண்டுக்கு மறுபடி மாற்ற முடியாது. ஆறு மாத ஒப்பந்தத்தில் போனவர் இந்த ஒரு வரிக்காகவே யோசிக்க வேண்டும்.

இரண்டாவது கணக்கில் இந்தத் தலைவலிகள் பெரும்பாலும் இல்லை. ஐபோனில் அமைப்புகளில் உங்கள் பெயரைத் தொட்டு, `Media & Purchases` பகுதியில் மட்டும் வெளியேறிப் புதிய கணக்கில் நுழையலாம். ஐகிளவுட், படங்கள், தொடர்பு எண்கள் எல்லாம் பழைய கணக்கிலேயே இருக்கும். இலவசச் செயலி மட்டும் என்றால் கட்டண அட்டை இல்லாமலும் கணக்கு தொடங்கலாம். வங்கிச் செயலியை இறக்கிவிட்டுப் பழைய கணக்குக்குத் திரும்பலாம். அது தொடர்ந்து இயங்கும். ஆண்ட்ராய்டில் வெளியேறவே தேவையில்லை. புதிய நாட்டில் இருந்துகொண்டு தொடங்கிய கணக்கைச் சேர்த்து, பிளே ஸ்டோரில் மேலே உள்ள உங்கள் படத்தைத் தொட்டுக் கணக்கை மாற்றினால் போதும்.

குறைகளும் உண்டு. ஐபோனில் அந்தச் செயலியைப் புதுப்பிக்கும்போது இரண்டாவது கணக்கின் கடவுச்சொல் கேட்கும். மறந்துபோனால் புதுப்பிப்பு அங்கேயே நிற்கும். அந்தக் கணக்கில் தானியங்கிப் பதிவிறக்கத்தை இயக்கினாலோ, பழைய வாங்கல்களை மீண்டும் இறக்கினாலோ சாதனம் அதோடு 90 நாட்கள் பிணைக்கப்படலாம். ஆகவே அங்கே வேண்டியதை மட்டும் இறக்கிவிட்டு வெளியேறிவிடுங்கள்.

என் தேர்வு: ஓரிரு செயலிகளுக்கு இரண்டாவது கணக்கு. நிரந்தரமாகக் குடியேறி, பழைய ஊர் அட்டையும் காலாவதியாகி, சந்தாக்களும் முடிந்தவர் மட்டும் நாட்டை மாற்றட்டும்.

ஆண்ட்ராய்டில் ஏ.பி.கே. எனப்படும் செயலிக் கோப்பை ஸ்டோருக்கு வெளியிலிருந்து நிறுவும் வழியும் இருக்கிறது. வங்கிச் செயலிக்கு அதை நான் சொல்ல மாட்டேன். தான் பிளே ஸ்டோர் வழியாக வந்தேனா என்று செயலியே சோதித்து, இல்லையென்றால் திறக்க மறுக்கலாம்; அந்தக் கோப்பில் யார் கைவைத்தார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியாது.