மேனேஜர் வேலைன்னு கூப்பிட்டா, கிரேடு என்னன்னு எழுதி வாங்குங்க

ஓசூர் சிப்காட், சூளகிரி பக்கம் ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனிகள்ல குவாலிட்டியில இருக்கிறவங்க கவனிக்க. "மேனேஜர் - குவாலிட்டி, 11 முதல் 14 லட்சம்"னு ஒரு பெரிய குரூப் கம்பெனிக்காக கன்சல்டன்சிக்காரங்க போன் பண்றாங்க. அந்த விளம்பரத்தை நம்பி சேர்ந்தவன் நான். பழைய கம்பெனியில சீனியர் இன்ஜினியர். இங்க சட்டையில மாட்டுற அடையாள அட்டையில மேனேஜர். ஆனா கிரேடு பழைய இடத்துல இருந்த அதே உயரம்தான்.

இன்டர்வியூவிலேயே "இது மேனேஜர் கிரேடு தானே சார்?"னு கேட்டேன். "ஆமா சார், பேண்ட் 3, அது மேனேஜர் பேண்ட்தான்"னு கன்சல்டன்சியும் சொன்னாங்க, எச்ஆரும் சொன்னாங்க. ஆஃபர் லெட்டர்லயும் பேண்ட் 3னுதான் இருந்துச்சு. அதுல பொய் இல்ல. ஆனா பாதி உண்மை.

பேண்டுங்கிறது அகலமான ஒரு தட்டு. அதுக்குள்ள ரெண்டு மூணு கிரேடு இருக்கும். இங்க டிரெயினியா வர்ற இன்ஜினியர் கன்ஃபர்ம் ஆனா இ-1. அதுக்கு மேல இ-2, இ-3, அப்புறம் எம்-1, எம்-2. பேண்ட் 3ல இ-3யும் எம்-1ம் சேர்ந்தே இருக்கு. என்னைப் போட்டது இ-3. விளம்பரத்துல போட்ட 11 முதல் 14 லட்சம் பேண்ட் முழுசுக்கும் உள்ள வீச்சு. எனக்கு வந்த ஆஃபர் 11.2. வீச்சோட அடிமட்டத்துல ஆஃபர் வந்தா, பேண்டோட கீழ்க் கிரேடுலதான் வைக்கிறாங்களான்னு அப்பவே விசாரிக்கணும். "அனுபவத்துக்கு ஏத்த மாதிரி பிக்ஸ் பண்ணியிருக்கோம்"னு அவங்க சொல்றது பதில் ஆகாது.

சேர்ந்து எச்ஆர் போர்ட்டல்ல லாகின் பண்ணினப்ப என் பேருக்குக் கீழ "கிரேடு: இ-3"னு இருந்துச்சு. அதோட, என் லைன்ல வேலை பாக்கிற இன்ஸ்பெக்டர்கள் லீவு போட்டா அப்ரூவல் எனக்கு வரல, எம்-2ல இருக்கிற சீனியர் மேனேஜருக்குப் போகுது. ஆடிட்டுக்கு வர்ற கஸ்டமர் முன்னாடி நிக்கிறது நான். ரிப்போர்ட்டிங்ல எனக்குக் கீழ ஒருத்தர் கூட இல்ல. கஸ்டமரைப் பாக்கிற சீட்டுக்கு மேனேஜர்னு பேர் வைக்கிறது இங்க வழக்கமாம்.

பேர்ல என்ன இருக்குன்னு விட்டுட முடியல. கம்பெனியில பணம், சலுகை எல்லாம் ஓடுறது கிரேடை வெச்சுத்தான். வேரியபிள் பே எம்-1க்கு 15 சதவீதம், இ-3க்கு 8. குடும்ப மெடிக்கல் இன்சூரன்ஸ் எம்-1க்கு 5 லட்சம், எனக்கு 3. கார் லீஸ் எம்-1ல இருந்துதான். எல்லாத்தையும் விட வலிக்கிறது பிரமோஷன் விதி: இ-3ல குறைஞ்சது மூணு வருஷம் இருந்தாத்தான் எம்-1க்குப் பேரே எடுத்துக்குவாங்க, வெளி அனுபவம் கணக்குல வராது. பழைய கம்பெனியில நான் சேர்த்து வெச்ச சீனியாரிட்டி அப்படியே போச்சு.

எச்ஆர்கிட்ட போனேன். "டெசிக்னேஷன் வேற, கிரேடு வேற சார், அடுத்த அப்ரைசல்ல பாக்கலாம்"னாங்க. அப்ரைசலும் வந்து போச்சு.

அரசு வங்கின்னா இந்தக் குழப்பம் இல்ல. பிஓ தேர்வு எழுதிச் சேர்றவர் ஸ்கேல் 1, பெரும்பாலான வங்கியில மேனேஜர் ஸ்கேல் 2, சீனியர் மேனேஜர் ஸ்கேல் 3னு ஏணி ஊரறிய இருக்கு. தனியார்ல ஏணியை வெளிய காட்ட மாட்டாங்க. சில இடத்துல நம்பர் ஏற ஏற பெரிய பதவி, சில இடத்துல 1தான் உச்சி. அதனால கிரேடு நம்பரை மட்டும் கேட்டுப் பிரயோஜனமில்ல, அது ஏணியில எந்தப் படின்னு கேக்கணும்.

ரிசைன் லெட்டர் குடுக்கிறதுக்கு முன்னாடி எச்ஆருக்கு மெயில்ல இப்படிக் கேளுங்க: "சார், இந்தப் பதவியோட கிரேடு என்ன? டிரெயினி கன்ஃபர்ம் ஆகிற கிரேடுக்கு இது எத்தனை படி மேல? நான் ரிப்போர்ட் பண்ற அதிகாரியோட கிரேடு என்ன? சிஸ்டத்துல எனக்குக் கீழ எத்தனை பேர் வருவாங்க? இந்தக் கிரேடுல வேரியபிள் எத்தனை சதவீதம், அடுத்த கிரேடுக்குக் குறைஞ்சபட்ச வருஷம் எவ்வளவு?" போன்ல பதில் சொன்னா ஏத்துக்காதீங்க. "சேர்ந்த பிறகு போர்ட்டல்ல பாத்துக்கலாம்"னு வந்தா, கிரேடை ஆஃபர் லெட்டர்லயே போட்டுத் தரச் சொல்லுங்க.

இன்னொன்னு, அதே கம்பெனியில அதே பேர்ல இருக்கிறவங்களை லிங்க்ட்இன்ல தேடிப் பாருங்க. "மேனேஜர்"னு போட்டிருக்கிறவங்கள்ல பாதிப் பேர் நாலஞ்சு வருஷ அனுபவக்காரங்களா இருந்தா, அங்க அந்தப் பேர் எந்தப் படியில நிக்குதுன்னு தெரிஞ்சுடும்.

பர்கூர் பக்கம் ஒரு கம்பெனியில இப்ப பேசிக்கிட்டிருக்கேன். டெசிக்னேஷன் டெபுடி மேனேஜர்தான். ஆனா கிரேடும், கீழ வர்ற ஆறு பேரும் லெட்டர்லயே இருக்கு. ஓசூர் விளம்பரத்துக்கு யாராவது இன்டர்வியூ முடிச்சு ஆஃபர் கையில வெச்சிருந்தா இன்பாக்ஸ்ல வாங்க, லெட்டரை சேர்ந்து பாத்துச் சொல்றேன்.