ஒரே வங்கி, இரண்டு பங்கு: வாக்குப் பங்கா, எக்ஸ் பங்கா?

கொழும்புப் பங்குச் சந்தையில் சில வங்கிகளுக்கு இரண்டு வகைப் பங்குகள் உண்டு. கொமர்ஷல் வங்கியைத் தேடினால் திரையில் COMB.N0000, COMB.X0000 என்று இரண்டு வரி வரும். ஹற்றன் நஷனல் வங்கிக்கும் அப்படித்தான். N என்றால் வாக்குரிமை உள்ளது, X என்றால் வாக்குரிமை இல்லாதது. வங்கி ஒன்று, லாபம் ஒன்று. ஆனால் எக்ஸின் விலை வழக்கமாகக் குறைவாக இருக்கும்.

"மச்சான், எக்ஸை வாங்கு. அதே சாமான், விலை மலிவு" என்று ஒரு நண்பன் எனக்குச் சொன்னான். கூட்டத்துக்குப் போய்க் கை தூக்கும் ஆள் நானில்லை. ஆகவே பேச்சு நியாயமாகத்தான் பட்டது. மலிவு என்று அவன் பார்த்தது கடைசியாகக் கைமாறிய விலையை. நாம் வாங்குவது அந்த விலைக்கு அல்ல.

இரண்டு பங்கின் ஓடர் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக நான் போட்டவை, எந்த வங்கியுடையதும் அல்ல.

வாக்குப் பங்கில் வாங்க நிற்கிறவர்களின் மேல் விலை 149.80, விற்க நிற்கிறவர்களின் கீழ் விலை 150.00. இரு பக்கமும் ஆயிரக்கணக்கில் பங்கு நிற்கிறது. முதல் விலை பிட், இரண்டாவது ஆஸ்க், நடுவிலுள்ள 20 சதம்தான் ஸ்பிரெட். எக்ஸ் பங்கில் பிட் 121.00, ஆனால் அங்கே நிற்பது 300 பங்கு மட்டும். அதற்குக் கீழே 119.50இல் ஆயிரம் பங்கு. ஆஸ்க் 124.50, அங்கே 150 பங்கு, பிறகு 126.00இல் 500, அதற்கு மேல் ஒரேயடியாக 129.90இல் ஆயிரம். முதல் வரியை மட்டும் பார்த்தால் ஸ்பிரெட் மூன்றரை ரூபாய், விலையில் ஏறக்குறைய 2.9 சதவீதம்.

முதல் வரியோடு கதை முடியாது. ஆயிரம் பங்கை மார்க்கெட் ஓடராக, அதாவது நிற்கிற விலை எதுவானாலும் உடனே வாங்கும்படி போட்டால் 150 பங்கு 124.50க்கும், 500 பங்கு 126.00க்கும், மிச்சம் 350 பங்கு 129.90க்கும் கிடைக்கும். மொத்தம் 1,27,140 ரூபாய், சராசரி 127.14. அடுத்த நாள் மனம் மாறி, புத்தகம் இதேபோல் இருக்கும்போது விற்றால் கையில் வருவது 1,19,950. விலை அசையவே இல்லை, 7,190 ரூபாய் போய்விட்டது. வாக்குப் பங்கில் இதே ஆயிரத்தை வாங்கி விற்றால் போவது 200 ரூபாய்.

தரகும் வரியும் இதற்கு வெளியே. பத்துக் கோடி ரூபாய் வரையான கொடுக்கல் வாங்கலுக்கு எல்லாம் சேர்த்து 1.12 சதவீதம், வாங்கும்போது ஒரு தடவை, விற்கும்போது ஒரு தடவை. வாக்குப் பங்கில் இது ஏறக்குறைய 3,360 ரூபாய், எக்ஸில் 2,770 ரூபாய். வாக்குப் பங்கில் தரகுக்கு முன்னால் ஸ்பிரெட் தூசு. எக்ஸில் ஸ்பிரெட்டுக்கு முன்னால் தரகு சின்னது. ஆனால் தரகு பில்லில் அச்சாகி வருகிறது, அதனால் எல்லாரும் தரகைப் பற்றியே குறைசொல்கிறோம். ஸ்பிரெட்டுக்கு யாரும் பில் தருவதில்லை.

சரி, ஒரே வங்கிக்கு ஏன் இந்த வித்தியாசம்?

வெள்ளவத்தையில் காலி வீதி நாணயமாற்றுக் கடையை நினைத்துப் பாருங்கள். கொள்வனவு, விற்பனை என்று இரண்டு விலை எழுதிய பலகை. ஓகஸ்டில் கனடா, நோர்வே, சுவிஸ் என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து இறங்குவார்கள். டொலரை வாங்கிய கடைக்காரர் அன்று பின்னேரத்துக்குள் அதைத் தள்ளிவிடலாம். நோர்வே குரோனை வாங்கினால் அது லாச்சிக்குள் கிடக்கும். கிடக்கிற நாட்களில் விலை எந்தப் பக்கம் போகும் என்று அவருக்குத் தெரியாது. காத்திருப்புக்கும் அந்தப் பயத்துக்கும் சேர்த்துத்தான் குரோனுக்கு இரண்டு விலைக்கும் நடுவே கூட இடம் விடுகிறார். பேராசை என்று சொல்வது லேசு. என்னைக் கேட்டால், நானும் அப்படித்தான் எழுதுவேன்.

பங்குச் சந்தையில் கவுண்டரில் உட்கார்ந்து இரண்டு விலையும் சொல்லும் அந்தக் கடைக்காரர் இல்லை. கொழும்பில் வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் போடும் ஓடர்களே புத்தகம். இந்த விலைக்குத்தான் என்று விலை குறித்து லிமிட் ஓடர் போட்டு நிற்கிற ஒவ்வொருவரும் சற்று நேரத்துக்குக் கடைக்காரர் ஆகிறார். அவசரக்காரர் வந்து அந்த விலையை எடுக்கிறார். காத்திருப்பின் பயம் இங்கும் உண்டு. அதைவிடப் பெரிய பயம், தனக்குத் தெரியாதது தெரிந்த ஒருவர் வந்து எடுத்துவிடுவாரோ என்பது.

1985இல் குளொஸ்டன், மில்குரோம் என்ற இரு பொருளியலாளர்கள் இதைத்தான் கணக்காக்கினார்கள். சின்னதாகப் போட்டுப் பார்ப்போம். ஒரு பங்கின் உண்மையான பெறுமதி நாளைய அறிக்கைக்குப் பின் 110 அல்லது 90, இரண்டுக்கும் சமவாய்ப்பு. சந்தைக்கு வருகிற 100 பேரில் 5 பேருக்கு விடை தெரியும். மிச்சம் 95 பேர் மகளின் கல்யாணத்துக்கு விற்கிறவர், போனஸ் வந்து வாங்குகிறவர் என்று பாதிக்குப் பாதி. இப்போது ஒருவர் வாங்க வருகிறார். செய்தி நல்லதென்றால் 100 பேரில் 52.5 பேர் வாங்குவார்கள், கெட்டதென்றால் 47.5 பேர். ஆக, வாங்க வந்தவரைக் கண்டவுடன் 110க்கு 52.5 சதவீத வாய்ப்பு, 90க்கு 47.5 சதவீதம்; பெறுமதி 100 அல்ல, 100.50 என்று எண்ணவேண்டும். விற்க வந்தவரைக் கண்டால் 99.50. யாரும் லாபம் வைக்கவில்லை, கடை வாடகையும் இல்லை. ஆனாலும் ஒரு ரூபாய் ஸ்பிரெட் வந்துவிட்டது.

அடுத்து எக்ஸ் போன்ற சந்தை. செய்தி தெரிந்த 5 பேரும் அப்படியே இருக்கிறார்கள். கல்யாணக்காரரும் போனஸ்காரரும் குறைந்து, வருகிறவர்கள் மொத்தம் 20 பேர். இப்போது நல்ல செய்தியென்றால் 20 பேரில் 12.5 பேர் வாங்குவார்கள், கெட்டதென்றால் 7.5 பேர். ஆஸ்க் 102.50, பிட் 97.50. ஸ்பிரெட் ஐந்து ரூபாய். தெரிந்தவர் ஒருவர்கூடக் கூடவில்லை. தெரியாதவர்கள் போய்விட்டார்கள், அவ்வளவுதான். ஒல்லியான சந்தையில் ஸ்பிரெட் ஏன் விரிகிறது என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்த ஐந்து மடங்கு. விரிந்த ஸ்பிரெட்டைக் கண்டு மிச்சமிருக்கும் கல்யாணக்காரரும் வாக்குப் பங்குப் பக்கம் போவார், எக்ஸ் இன்னும் மெலியும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கொழும்பில் மலிவான பங்குகளின் விலை குறைந்தது 10 சதமாகத்தான் நகரும். 8 ரூபாய்ப் பங்கில் மிகக் குறுகிய ஸ்பிரெட்டே 1.25 சதவீதம் வந்துவிடும். அது பயத்தின் அடையாளம் அல்ல, விலைப்படியின் கணக்கு. அந்தப் படியில் இலட்சக்கணக்கில் ஓடர் நின்றால் சந்தை தடிப்பாகவே இருக்கிறது.

அப்போ மார்க்கெட் ஓடருக்குப் பதில் லிமிட் ஓடர் போட்டால் போதாதா? எக்ஸில் 121.10க்கு நின்றால் ஸ்பிரெட்டைக் கொடுக்காமல் நாமே எடுக்கலாம். இதைத்தான் நானும் செய்தேன், வேறொரு கொம்பனியின் எக்ஸ் பங்கில். எட்டு வேலை நாள் ஓடர் அசையாமல் கிடந்தது. தரகர் அலுவலகத்தில் இருந்த தம்பி இரண்டு தடவை கேட்டார், "அண்ணை, கொஞ்சம் ஏத்திப் போடுவமா?" நான் பிடிவாதமாக இருந்தேன். ஒன்பதாம் நாள் காலை 9.30க்குச் சந்தை திறந்து கொஞ்ச நேரத்தில் முழு ஓடரும் விழுந்தது. பெருமையாக இருந்தது. பிறகுதான் காலாண்டுக் கணக்கு வெளியானதைப் பார்த்தேன், லாபம் பாதியாகியிருந்தது. அறிக்கையை முதலில் வாசித்த ஒருவர் நான் மறந்துவிட்டுப் போன விலையைக் கண்டு எனக்கு விற்றிருக்கிறார். கணக்கு நன்றாக வந்திருந்தால் என் ஓடர் விழுந்தே இருக்காது. ஒல்லிச் சந்தையில் லிமிட் ஓடர் கெட்ட நாளில்தான் கூடுதலாக விழும்.

அதனால் இப்போது எக்ஸில் ஓடர் போடுவதென்றால், கணக்கு வெளிவரும் நாட்களைத் தவிர்க்கிறேன். நாள் முடிவில் ஓடரை எடுத்துவிட்டு அடுத்த நாள் பார்த்துப் போடுகிறேன். ஆயிரத்தை ஒரேயடியாகக் கேட்பதும் இல்லை. செய்தி இல்லாமல் கடைசி விலை 121, 124.50, மறுபடி 121 என்று ஊஞ்சலாடினால் பங்கு ஏறவுமில்லை இறங்கவுமில்லை. ஒரு தடவை ஆஸ்க்கிலும் ஒரு தடவை பிட்டிலும் கைமாறியிருக்கிறது. அதைப் பார்த்து "இன்றைக்கு மூன்று வீதம் ஏறிட்டுது" என்று சந்தோஷப்படுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன்.

நண்பனின் கேள்விக்கு வருவோம். பங்கொன்றுக்கு இரண்டு வகைக்கும் 7 ரூபாய் பங்கிலாபம் என்று வையுங்கள். 150க்கு வாங்கிய வாக்குப் பங்கில் அது வருடத்துக்கு 4.67 சதவீதம், 127.14க்கு வாங்கிய எக்ஸில் 5.51. எக்ஸின் மேலதிகம் 0.84. ஆனால் போய்வரும் ஸ்பிரெட்டில் எக்ஸ் விழுங்குவது 5.66 சதவீதம், வாக்குப் பங்கு விழுங்குவது 0.13. அந்த ஐந்தரைச் சதவீதத்தைப் பங்கிலாபத்தால் மீட்க ஆறரை வருடம் ஆகும். பத்து வருடம் வைத்திருந்து பங்கிலாபம் எடுக்கப்போகிறவருக்கு எக்ஸ் சரி, அதையும் அவசரப்படாமல் சிறு சிறு ஓடராக வாங்கினால். அடுத்த வருடம் வீட்டு வேலைக்கோ பிள்ளையின் படிப்புக்கோ காசு தேவைப்படலாம் என்றால் வாக்குப் பங்குதான், 150 ரூபாய் கொடுத்தாலும்.

இதை நண்பனுக்குச் சொன்னபோது, "எவ்வளவு காலம் வைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாதே" என்றான். அப்படியென்றால் வாக்குப் பங்கு என்றேன். அவன் எக்ஸையே வாங்கினான், மார்க்கெட் ஓடரில்.