டிஜிட்டல் கையொப்ப டோக்கன்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

எங்கள் கட்டுமான நிறுவனத்தில் டெண்டர் போடுவதும் கம்பெனி படிவங்கள் தாக்கல் செய்வதும் என் வேலை. அதற்கு வேண்டிய டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழும் அதன் ரகசியச் சாவியும் டோக்கன் என்ற சின்ன யுஎஸ்பி கருவிக்குள் இருக்கும். 2021 ஜனவரி முதல் கிளாஸ் 2 வகைச் சான்றிதழ் வழங்குவதில்லை. இரண்டு வேலைக்கும் கிளாஸ் 3 தான். அதனால் வாங்கும்போது கவனிக்க வேண்டியது வேறு இரண்டு விஷயங்கள். தனிநபர் பெயரிலா, நிறுவனப் பெயரும் சேர்ந்ததா? கையொப்பம் மட்டுமா, கோப்பைப் பூட்டும் என்கிரிப்ஷனும் சேர்த்தா? டெண்டர் தளத்தின் நிபந்தனையைப் படித்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். ரயில்வேயின் ஐஆர்இபிஎஸ் தளத்தில் என்கிரிப்ஷன் சான்றிதழும் கேட்பார்கள்.

புதுப்பித்தல் என்று சொன்னாலும், கைக்கு வருவது புதுச் சான்றிதழ், புதுச் சாவி. மறுபடி வீடியோ சரிபார்ப்பு, மொபைல் ஓடிபி எல்லாம் உண்டு. டெண்டர் தளத்திலும், கம்பெனி படிவங்கள் தாக்கல் செய்யும் எம்சிஏ தளத்திலும் புதியதைத் திரும்பப் பதிவு செய்யாவிட்டால் கையொப்பம் ஏறாது. டெண்டர் கடைசித் தேதிக்கு முந்தைய நாளில் இதைச் செய்ய உட்காராதீர்கள்.

புதியதை அதே டோக்கனில் இறக்கினால் ஒரே பெயரில் இரண்டு சான்றிதழ் வரிசையில் நிற்கும். எது எது என்று Valid to தேதியைப் பார்த்தால் தெரியும். காலாவதியான கையொப்பச் சான்றிதழை நீக்கினால் பாதகமில்லை. பழைய என்கிரிப்ஷன் சான்றிதழை மட்டும் தொடாதீர்கள். அதை வைத்துப் பூட்டிய கோப்பு அதன் சாவிக்குத்தான் திறக்கும், புதியதற்குத் திறக்காது. சில விற்பனையாளர்கள் டோக்கனை முழுதும் காலி செய்து, அதாவது இனிஷியலைஸ் செய்துவிட்டு, புதியதை ஏற்றுவார்கள். அதில் பழைய சாவிகள் அத்தனையும் அழிந்துவிடும். டோக்கனுக்குள் இருக்கும் சாவியை வெளியே எடுத்து நகல் வைக்கவும் வழியில்லை. டோக்கனைக் கொடுக்கும் முன்பே "இனிஷியலைஸ் வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். டோக்கனின் பின் நம்பரைத் தொடர்ந்து தப்பாகப் போட்டால் டோக்கன் பூட்டிக்கொள்ளும். அப்போதும் பல நேரம் இதே இனிஷியலைஸில்தான் போய் முடியும்.

ரத்து செய்ய வேண்டிய நிலை எங்களுக்கும் வந்தது. நிறுவனப் பெயர் சேர்ந்த சான்றிதழ் வைத்திருந்த மேலாளர் வேலையை விட்டுப் போனார். டோக்கனைத் திருப்பி வாங்கியாயிற்றே, போதாதா என்று அலுவலகத்தில் கேட்டார்கள். போதாது. அவர் பெயரில், நம் நிறுவன அடையாளத்தோடு, காலாவதித் தேதி வரை அது செல்லும். அதனால் சான்றிதழ் வழங்கிய நிறுவனத்துக்கு ரத்துக் கோரிக்கை அனுப்பினோம். வரிசை எண் ரத்துப் பட்டியலில் ஏறியதையும் பார்த்தோம். அப்புறம் டெண்டர் தளத்தில் அவர் கணக்கையும் முடக்கச் சொன்னோம். ரத்தானது பிறகு திரும்ப உயிர்பெறாது, புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

டோக்கன் தொலைந்தாலும் இதே வழிதான், ஆனால் அன்றே செய்ய வேண்டும். சாவி வேறு கைக்குப் போனால் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும் என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42ஆம் பிரிவு. தெரிவிக்கும் வரை பொறுப்பு சான்றிதழ் வைத்திருப்பவருடையதே. ஆடிட்டர் ஆபீசில் இயக்குநர்களின் டோக்கன்களைப் பின் நம்பர் எழுதிய சீட்டோடு விட்டுவைக்கும் பழக்கத்தை நாங்கள் நிறுத்தியது இந்தப் பிரிவைப் படித்த பிறகுதான். இப்போது தாக்கல் நாளில் இயக்குநரே வந்து பின் போடுகிறார்.